ஸ்லாட்டுக்கு 6,000 ரூபாய் போய்விட்டது, கணக்கு சரிதானா?

கெடிலக்கரை
போன மாதம் கடலூரிலிருந்து நண்பர்கள் நாலு பேர் கோவா போயிருந்தோம். ஒரு ராத்திரி மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல் காசினோ ஒன்றுக்குப் போனோம். மற்ற மூவரும் சீட்டு மேஜைக்குப் போய்விட்டார்கள். எனக்குச் சீட்டு வராது என்பதால் ஸ்லாட் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். ஒன்பதரைக்கு ஆரம்பித்தேன், நடுவில் முக்கால் மணி நேரம் சாப்பாடு, ஒன்றேகாலுக்கு எழுந்தேன். ஆக மூன்று மணி நேர ஆட்டம். கையில் வைத்திருந்த 6,000 ரூபாயும் காலி.

போனதில் பெரிய வருத்தம் இல்லை. ஆனால் உட்காரும்போது அங்கே நின்ற பையன், “இது 95 பர்சென்ட் திருப்பிக் கொடுக்கிற மெஷின் சார்” என்று சொன்னான். அப்படியானால் 6,000-க்கு 5 பர்சென்ட், 300 ரூபாய்தானே போயிருக்க வேண்டும்? மீதி 5,700 எங்கே? என்னை ஏமாற்றினார்களா, இல்லை நான்தான் கணக்கைத் தப்பாகப் போடுகிறேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் மைனர்
ஸ்லாட்டுக்கு 6,000-ஆ? ஆர்.டி.ஓ. ஆபீஸில் டிரைவிங் டெஸ்ட் ஸ்லாட்டை நாமே ஆன்லைனில் போட்டுக்கொள்ளலாமே. எந்த புரோக்கரிடம் கொடுத்தீர்கள்?

கெடிலக்கரை
அண்ணே, தலைப்பை மட்டும் படித்தீர்களா? இது சூதாட்ட ஸ்லாட்.

மஞ்சக்குப்பம் மைனர்
அடடா. சரி, நடக்கட்டும்.

முத்தியால்பேட்டை மெக்கானிக்
தம்பி, நான் ஒன்பது வருடம் உல்லாசக் கப்பல்களில் ஸ்லாட் மெஷின் பார்க்கும் டெக்னீஷியனாக இருந்தவன். இப்போது பாண்டியில் இன்வெர்ட்டர் கடை. உங்களை ஏமாற்றினார்களா இல்லையா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் 300 என்ற உங்கள் கணக்கு தப்பு என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அந்த 5 பர்சென்ட் நீங்கள் பையில் கொண்டுபோன பணத்துக்கு இல்லை. பட்டனை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் வைக்கிற பந்தயத்துக்கு.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒரு தடவை அழுத்தினால் எவ்வளவு கழிந்தது? மொத்தம் எத்தனை தடவை அழுத்தியிருப்பீர்கள்?

கெடிலக்கரை
அது ஒரு ரூபாய் மெஷின் என்றுதான் உட்கார்ந்தேன். திரையிலும் ‘ஒரு கிரெடிட் 1 ரூபாய்’ என்றுதான் இருந்தது. ஆனால் 25 லைன் போட்டுத்தான் ஆடினேன், அதனால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் 25 ரூபாய் கழிந்தது. அது உறைக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எத்தனை தடவை அழுத்தினேன் என்று யார் எண்ணினார்கள்!

முத்தியால்பேட்டை மெக்கானிக்
நீங்கள் எண்ணியிருக்க மாட்டீர்கள், மெஷின் எண்ணியிருக்கும். உள்ளே போகும்போது பாயின்ட் ஏறுகிற கார்டு ஏதாவது கொடுத்து, அதைச் செருகி ஆடச் சொன்னார்களா?

கெடிலக்கரை
ஆமாம். 100 ரூபாய் பந்தயத்துக்கு ஒரு பாயின்ட் என்றார்கள். கிளம்பும்போது வந்த எஸ்எம்எஸ்ஸில் 462 பாயின்ட் என்று இருக்கிறது. அதை வைத்து ஒரு டீ கூட வாங்க முடியாது போல.

முத்தியால்பேட்டை மெக்கானிக்
டீயை விடுங்கள், அந்த 462-தான் உங்கள் கேள்விக்குப் பதில். 462 பாயின்ட் என்றால் மொத்தப் பந்தயம் 46,200 ரூபாய். எங்கள் தொழிலில் இதை ‘காயின்-இன்’ என்போம். நீங்கள் கொண்டுபோனது 6,000. மீதி 40,200? அது மெஷின் உங்களுக்குத் திருப்பிக் கொடுத்த பணம். பத்தும் முப்பதும், எப்போதாவது ஐந்நூறுமாக அது கொடுத்துக்கொண்டே இருந்தது, நீங்கள் அதையும் திரும்பத் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டே இருந்தீர்கள். ஒரே நூறு ரூபாய் நோட்டு ஏழெட்டுத் தடவை 5 பர்சென்ட் வரி கட்டினது போல.

இனி மணிக்கணக்கு. 46,200-ஐ 25-ஆல் வகுத்தால் 1,848 ஸ்பின். மூன்று மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 616. மிதமான வேகம்தான், கிட்டத்தட்ட ஆறு விநாடிக்கு ஒன்று. ஒரு ஸ்பின்னுக்கு 25 ரூபாய், அதில் 5 பர்சென்ட் 1 ரூபாய் 25 காசு. 616 × 1.25 = 770. அந்த நாற்காலிக்கு மணிக்கு 770 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்துக்கு 2,310. பையன் சொன்ன 95 உண்மையாக இருந்தாலே சராசரியாகப் போக வேண்டியது அவ்வளவு. 300 இல்லை.

ஆரோவில் ரோடு
ஐயா சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்கிறேன். 5 பர்சென்ட் என்றால் வேகமாக ஆடினாலும் 5, மெதுவாக ஆடினாலும் 5. வேகத்துக்கும் நஷ்டத்துக்கும் என்ன சம்பந்தம்? நான் 500 ஸ்பின் ஆடப்போகிறேன் என்றால் ஒரு மணியில் முடித்தாலும் இரண்டு மணியில் முடித்தாலும் அதே 500 ஸ்பின்தானே.

அப்புறம், சின்ன மெஷினில் உட்கார்ந்ததே தப்பு. பெரிய பந்தய மெஷினில் ரிட்டர்ன் பர்சென்ட் அதிகம் இருக்கும். அங்கே போயிருந்தால் நஷ்டம் குறைந்திருக்கும்.

முத்தியால்பேட்டை மெக்கானிக்
முதல் விஷயம் சரிதான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. எத்தனை ஸ்பின் என்று முன்கூட்டியே முடிவு செய்து, எண்ணி, எழுந்துபோகிற ஆளுக்கு வேகம் பொருட்டே இல்லை. ஒன்பது வருடத்தில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. எல்லாரும் நேரத்தை வைத்துத்தான் உட்காருகிறார்கள்: சாப்பாடு வரை, ஷோ ஆரம்பிக்கும் வரை, மனைவி கூப்பிடும் வரை. நேரம்தான் எல்லை என்றால், வேகம் இரண்டு மடங்கானால் செலவும் இரண்டு மடங்கு. மெஷின் செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கையால் இழுக்கிற நெம்புகோல் போய்ப் பட்டன் வந்தபோதும், நாணயம் போய் நோட்டும் டிக்கெட்டும் வந்தபோதும் பர்சென்ட்டை யாரும் தொடவே வேண்டியிருக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் ஸ்பின் ஏறியது, வருமானம் தானாக ஏறியது.

இரண்டாவது விஷயத்திலும் பாதி உண்மை. லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் கேமிங் வாரியம் மாதாமாதம் வெளியிடும் கணக்கில், ஒரு சென்ட் மெஷின் பிடித்துக்கொள்ளும் பர்சென்ட் ஒரு டாலர் மெஷினைவிட அதிகமாகத்தான் இருக்கும். ஆனால் பர்சென்ட்டைப் பார்த்துப் போகிறவர் பந்தயத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார். 25 ரூபாய் பந்தயத்தில் 5 பர்சென்ட் 1.25. 100 ரூபாய் பந்தயத்தில் 3 பர்சென்ட் என்றே வைத்துக்கொள்வோம், 3 ரூபாய். மணிக்கு 600 ஸ்பின் என்றால் ஒன்று 750, மற்றது 1,800. ‘நல்ல’ மெஷின்தான் இரண்டு மடங்குக்கு மேல் சாப்பிடுகிறது.

ஆரோவில் ரோடு
இருக்கலாம். ஆனால் எனக்கு ஸ்டாப் பட்டன் அனுபவம் உண்டு. சுற்றிக்கொண்டிருக்கும்போதே சரியான நேரத்தில் இன்னொரு தட்டு தட்டினால் விழுகிற படம் மாறும். கை பழகினவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது.

முத்தியால்பேட்டை மெக்கானிக்
சார், ஜப்பானில் பாச்சிஸ்லோ என்று ஒன்று உண்டு, அதில் நிறுத்துகிற நேரத்துக்குக் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது. நாம் பேசுகிற வகையில் கிடையாது. நீங்கள் முதலில் அழுத்திய அந்தக் கணத்திலேயே மெஷினுக்குள் எண் விழுந்துவிடும். அப்புறம் ரீல் சுற்றுவது உங்களுக்குக் காட்டுகிற வேடிக்கை. இரண்டாவது தட்டு வேடிக்கையைச் சுருக்கும், முடிவை மாற்றாது. ஆறு விநாடி ஸ்பின்னை நாலாக்குவது ஒன்றுதான் அதன் வேலை. மணிக்கு 600 என்பது 900 ஆகும், 750 ரூபாய் 1,125 ஆகும். கை பழகினவர்தான் அதிகம் கட்டுகிறார்.

முதுநகர் மகள்
நான் ஸ்லாட் மெஷினைக் கண்ணால் பார்த்ததில்லை. என் அப்பா துறைமுகத்தில் வேலை. 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்யும் வரை வாராவாரம் ஒரு 10 ரூபாய் டிக்கெட் வாங்குவார். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் முதல் வேலை அதுதான். அம்மா திட்டாத நாள் இல்லை. “பாதிப் பணத்தை நடத்துகிறவனே எடுத்துக்கொள்கிறான்” என்பார். நீங்கள் சொல்வதைப் படித்தால் இந்த மெஷின் 5 பர்சென்ட்தான் எடுக்கிறது. அப்படியானால் அப்பா செய்தது இதைவிட மோசமா?

முத்தியால்பேட்டை மெக்கானிக்
இல்லைம்மா. அம்மா சொன்ன மாதிரி பாதி என்றே வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 5 ரூபாய், வருடம் முழுக்க 260. தம்பி உட்கார்ந்த மெஷின் மணிக்கு 770. அதாவது அப்பா ஒரு வருடம் கட்டியதை அது இருபது நிமிஷத்தில் வாங்கிக்கொள்ளும். பர்சென்ட்டை மட்டும் பார்த்தால் லாட்டரிதான் கொள்ளை. ஆனால் லாட்டரியில் அடுத்த ‘ஸ்பின்’ வர ஏழு நாள் ஆகும்.

முதுநகர் மகள்
அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். “அப்போ நான் திட்டினது தப்புன்னு சொல்றாரா?” என்று கேட்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை.

கெடிலக்கரை
மணிக்கு 770 புரிந்தது. ஆனாலும் மூன்று மணி நேரத்துக்கு 2,310-தானே வருகிறது? என்னிடமிருந்து போனது 6,000. திரும்பி வந்த 40,200-ஐ 46,200-ஆல் வகுத்துப் பார்த்தேன், 87 பர்சென்ட்தான் வருகிறது. 95 என்று சொன்னது பொய்தானே?

பண்ருட்டி வாத்தியார்
கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிறேன், இந்த இடத்தில் நுழைகிறேன். மெக்கானிக் சார் சொன்ன 770 சராசரி. அந்தச் சராசரியைச் சுற்றி எவ்வளவு அலைபாயும் என்று சொல்லாவிட்டால் பாதிக் கணக்குதான்.

ஸ்லாட்டில் பெரும்பாலான ஸ்பின்னுக்கு ஒன்றும் வராது, அபூர்வமாக ஒன்றில் நூறு மடங்கு வரும். அதனால் ஒவ்வொரு ஸ்பின்னின் ஏற்ற இறக்கம் பந்தயத்தைப் போலப் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்வோம். மெஷினுக்கு மெஷின் மாறும், உங்களுடையது என்னவென்று எனக்குத் தெரியாது. 10 மடங்கு என்றால் 250 ரூபாய். ஸ்பின் கூடக்கூட ஏற்ற இறக்கம் அதே விகிதத்தில் கூடாது, வர்க்கமூல விகிதத்தில்தான் கூடும். 1,848-க்கு வர்க்கமூலம் ஏறத்தாழ 43. 43 × 250 = 10,750. ஆக, உங்கள் ராத்திரியின் கணக்கு ‘2,310 நஷ்டம், அதற்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சுமார் பத்தாயிரம்’. 6,000 நஷ்டம் அதற்குள் சாதாரணமாக அடங்குகிறது. பக்கத்து நாற்காலிக்காரர் 5,000 ஜெயித்துப் போயிருந்தாலும் அடங்கும்.

இன்னொன்று. பணம் தீர்ந்ததும் எழுந்தீர்கள். நடுவில் 2,000 மிச்சம் இருந்தபோது எழுந்திருந்தால் இந்த 87 வேறு எண்ணாக இருந்திருக்கும்.

கெடிலக்கரை
அப்படியானால் 95 உண்மைதான் என்கிறீர்களா சார்?

பண்ருட்டி வாத்தியார்
அதையும் சொல்லவில்லை. மெஷின் 90 பர்சென்ட் ரகமாக இருந்தால் சராசரி நஷ்டம் 4,620. உங்கள் 6,000 அதற்கும் பொருந்தும், 95-க்கும் பொருந்தும். ஒரு ராத்திரி ஆட்டம் இரண்டையும் பிரித்துக் காட்டாது.

நானே ஆடிக் கண்டுபிடிக்கிறேன் என்று ஒருவர் கிளம்பினால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு பர்சென்ட் அளவுக்கு ஓரளவு துல்லியமாக மதிப்பிட, அதே 10 மடங்கு அனுமானத்தில், பத்து லட்சம் ஸ்பின் வேண்டும். உங்கள் வேகத்தில் 1,600 மணி நேரத்துக்கு மேல். தினம் 8 மணி நேரம் ஆடினாலும் 200 நாள். 5 பர்சென்ட் மெஷினாக இருந்தால் அதற்குள் சராசரியாக பன்னிரண்டரை லட்சம் போயிருக்கும். விடை தெரியும்போது ஸ்கூட்டரை விற்றிருப்பீர்கள்.

முத்தியால்பேட்டை மெக்கானிக்
வாத்தியார் சொல்வது சரி. எங்களுக்கு மெஷினோடு ‘பார் ஷீட்’ என்று ஒரு தாள் வரும். எந்த ரீலில் எந்தப் படம் எத்தனை தடவை, ரிட்டர்ன் எவ்வளவு, ஏற்ற இறக்கம் எவ்வளவு எல்லாம் அதில் இருக்கும். ஆடுகிறவர் கண்ணுக்கு அது வராது. ஒரே பெயர், ஒரே படம், ஒரே பாட்டு உள்ள மெஷினை 96, 94, 92 என்று வேறு வேறு ரிட்டர்னில் வாங்க முடியும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. எனவே அந்தப் பையன் சொன்ன 95 அவனுக்கே யாரோ சொன்னதாக இருக்கலாம்.

ஆனால் மூன்றில் இரண்டு நம் கண் முன்னால் இருக்கிறது. பந்தயம் திரையிலேயே தெரியும். வேகத்தை வாட்ச் வைத்து ஒரு நிமிஷம் எண்ணினால் தெரியும். தெரியாத பர்சென்ட்டுக்கு 5 என்றும் 10 என்றும் இரண்டு தடவை போட்டுப் பாருங்கள். உங்களுக்கு மணிக்கு 770-லிருந்து 1,540-க்குள் எங்கோ. உட்காருவதற்கு முன் அது தெரிந்தால் போதாதா?

ஆரோவில் ரோடு
நாலு தடவைக்கு ஒரு தடவை ஜெயிக்கிற மெஷினை எப்படி இவ்வளவு நஷ்டம் என்று சொல்கிறீர்களோ! நான் ஆடும்போதெல்லாம் லைட் எரிந்துகொண்டேதான் இருக்கும்.

கெடிலக்கரை
எனக்கும் அப்படித்தான் இருந்தது. 25 போட்டு 10 வந்தாலும் மணி அடிக்கும், காசு கொட்டுகிற சத்தம் வரும். 15 ரூபாய் போனதற்கு மேளதாளம். இப்போது யோசித்தால்தான் தெரிகிறது.

வில்லியனூர் வேல்
போனில் ஆடினால் இந்த வேகப் பிரச்சினை இல்லையே, நாம் நினைத்தபோது அழுத்தலாம்.

முத்தியால்பேட்டை மெக்கானிக்
தலைகீழ், தம்பி. போனில் நோட்டுச் செருக வேண்டாம், கை நீட்ட வேண்டாம். ஆட்டோ பிளே போட்டுவிட்டால் அழுத்தக்கூட வேண்டாம். பிரிட்டனில் இதனால்தான் 2021 அக்டோபர் முதல் ஆன்லைன் ஸ்லாட்டில் ஒரு ஸ்பின் 2.5 விநாடிக்குக் குறையக் கூடாது, ஆட்டோ பிளே கூடாது என்று விதி போட்டார்கள். அந்த வரம்பிலேயே ஆடினாலும் மணிக்கு 1,440 ஸ்பின். 25 ரூபாய், 5 பர்சென்ட் என்றால் 1,800 ரூபாய். ஜெர்மனியில் 5 விநாடி, பந்தயம் ஒரு யூரோவுக்கு மேல் போகக் கூடாது. பிரிட்டனிலும் 2025-இல் பந்தயத்துக்கு வரம்பு வந்துவிட்டது, 25 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 5 பவுண்டு, அதற்குக் கீழே 2 பவுண்டு. பெருக்கலில் இருக்கிற மூன்று எண்ணில் இரண்டை அரசாங்கம் பிடித்துவிட்டது, பர்சென்ட்டைத் தொடவில்லை.

இழைக் கண்காணிப்பாளர்
நினைவூட்டல்: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவது 2025-இன் மத்தியச் சட்டப்படி இந்தியா முழுக்கத் தடை. ஆப் பெயர், லிங்க் எதுவும் இங்கே போடாதீர்கள். கணக்குப் பேசலாம்.

ஆரோவில் ரோடு
கணக்கு எல்லாம் சரி. ஸ்டாப் பட்டன் விஷயத்தில் மட்டும் நான் மாறமாட்டேன். என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முத்தியால்பேட்டை மெக்கானிக்
உங்கள் விருப்பம் சார்.

கெடிலக்கரை தம்பி, ஒரு சந்தேகம். சாப்பாட்டுக்கு எழுந்தபோது கார்டை உருவியிருப்பீர்கள், அப்போதும் ஒரு எஸ்எம்எஸ் வந்திருக்குமே? இருந்தால் பாருங்கள்.

கெடிலக்கரை
இருக்கிறது. 11.02 மணிக்கு வந்தது, 180 பாயின்ட்.

நானே போட்டுப் பார்க்கிறேன். சாப்பாட்டுக்கு முன் ஒன்றரை மணி நேரத்தில் 18,000 ரூபாய் பந்தயம், 720 ஸ்பின், மணிக்கு 480. மீதி 282 பாயின்ட் சாப்பாட்டுக்கு அப்புறம், அதுவும் ஒன்றரை மணி நேரம்தான். 28,200 ரூபாய், 1,128 ஸ்பின், மணிக்கு 752. 5 பர்சென்ட் என்றே வைத்துக்கொண்டால் முதல் பாதியில் மணிக்கு 600 ரூபாய், இரண்டாவது பாதியில் 940.

பந்தயத்தை நான் மாற்றவே இல்லை, மெஷினும் அதேதான். சாப்பிட்டுத் திரும்பி வந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு மாமா இருந்தார். ரீல் சுற்றும்போது இன்னொரு தட்டு தட்டினால் நிற்கும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.